கனடா மாப்பிள்ளையின் படம்: தேடிப் பார்ப்பதா, துருவிப் பார்ப்பதா?

போன நவம்பரில் ஒரு இரவு, சித்தியின் மகள் வட்ஸ்அப்பில் மூன்று படங்கள் அனுப்பினாள். கூடவே ஒரே ஒரு வரி: "அக்கா, ஆருக்கும் சொல்லாதேங்கோ, இந்த ஆள் உண்மையான ஆள்தானோ எண்டு ஒருக்காப் பாருங்கோ." டேட்டிங் ஆப் ஒன்றில் அறிமுகமானவராம். வயது 34, ஸ்காபரோவில் சிவில் எஞ்சினியர், பூர்வீகம் காரைநகர், சின்ன வயதிலேயே குடும்பத்தோடு கனடா போனவராம். ஆறு கிழமையாகக் கதைக்கிறார்கள். காசு எதுவும் கேட்கவில்லை, தை மாதம் ஊருக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். இவள் யாழ்ப்பாணத்தில் கொக்குவிலில் இருந்துகொண்டு வேலைக்குப் போய் வருகிறவள், வீட்டில் இன்னும் சொல்லவில்லை. அதனால்தான் என்னிடம் வந்தாள்.

இப்படிப் படம் கொண்டு வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, "கூகிளில போட்டுப் பார்த்தால் தெரியும்தானே?" என்றுதான். பாதி தெரியும். திருடிய படம் என்று தேடல் காட்டிக் கொடுக்கலாம். உண்மையான ஆள் என்று தேடலால் ஒருநாளும் சொல்ல முடியாது. இது பிடிபடாததால்தான் ஒன்றும் அகப்படவில்லை என்றதும் பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். எனவே எந்த வழியை முதலில் எடுப்பது, எதில் நேரம் செலவழிப்பது, எதற்குக் காசு கொடுக்கவே தேவையில்லை என்று இந்த மூன்று படங்களை வைத்தே சொல்கிறேன்.

முதல் படத்தில் அவர் ஒரு கறுப்புக் காரில் சாய்ந்துகொண்டு நிற்கிறார். இரண்டாவது ஏதோ கல்யாண மண்டபத்தில் கடும் நீலக் கோட்டோடு எடுத்தது. மூன்றாவதில் குசினியில் தேத்தண்ணிக் கோப்பையோடு நிற்கிறார். அதற்கு அவர் எழுதியிருந்தது, "என்ர வீட்டுக் குசினி, இண்டைக்கு நானே தேத்தண்ணி போட்டன்."

முதலில் இலவசமான வழிகள். ஆப்பில் இருந்து எடுத்த ஸ்கிரீன்ஷாட்டை அப்படியே போடக்கூடாது. பெயர், வயது, இதயப் பொத்தான் எல்லாம் சேர்ந்து வந்தால் தேடுகிற இயந்திரம் அதையும் படத்தின் பகுதியாக எடுத்துக்கொள்ளும், ஆகவே ஓரங்களை வெட்டிவிட வேண்டும். கூகுள் லென்ஸில் கோட் போட்ட படத்தைப் போட்டேன். வந்தது முழுக்க நீலக் கோட் விற்கிற கடைகள். இதில் ஏமாற ஒன்றும் இல்லை, லென்ஸ் படத்தில் உள்ள பொருளைத்தான் பார்க்கிறது, சாதாரண ஆட்களின் முகத்தை வைத்து இன்னார் என்று கண்டுபிடித்துத் தருவது அதன் வேலையல்ல. அதில் பயனுள்ள இடம் மேலே இருக்கிற `Exact matches` என்ற பகுதிதான். அதே படம் வேறு இணையப் பக்கத்தில் இருந்தால் அங்கே வரும். அன்றைக்கு அங்கேயும் ஒன்றும் வரவில்லை.

டின்ஐ, அதாவது `tineye.com`, வேறு மாதிரி. அது ஒரே படத்தின் பிரதிகளைத் தேடுகிறது. வெட்டினாலும் நிறம் மாற்றினாலும் பெரும்பாலும் பிடித்துவிடும், ஆனால் அதே ஆளின் வேறு படத்தைத் தேடித் தராது. அதன் பலம் `Oldest` என்று வரிசைப்படுத்திப் பார்க்கலாம் என்பது. "நேற்று எடுத்தது" என்று ஒருவர் அனுப்பிய படம் ஆறு வருடத்துக்கு முந்திய பக்கத்தில் இருந்தால் அதற்கு மேல் பேச்சே இல்லை. ஒன்றைக் கவனிக்க வேண்டும், அங்கே காட்டுகிற திகதி டின்ஐ அந்தப் படத்தை முதலில் கண்ட திகதி, படம் எடுத்த நாள் அல்ல. அதனால் படம் அந்தத் திகதியைவிடப் பழையதாக இருக்கலாம், புதியதாக இருக்க முடியாது. எங்கள் மூன்று படங்களுக்கும் அதில் விடை பூச்சியம்.

மூன்றாவது யான்டெக்ஸ், ரஷ்யத் தேடுபொறி. முகச் சாயலை வைத்துத் தேடுவதில் இலவசமானவற்றில் இதுதான் கெட்டி. அந்தக் கெட்டித்தனமே ஆபத்தும்கூட. முகத்தை மட்டும் வெட்டிப் போட்டதும் மீசையும் தாடியும் உள்ள நாற்பது பேரைக் கொண்டுவந்து நிறுத்தியது. அதில் ஒருவர் ஏதோ விளம்பரப் படத்தில் நிற்கிற மொடல். தங்கச்சி பார்த்ததும், "ஐயோ அக்கா, இவன்தான்" என்று அழத் தொடங்கிவிட்டாள். இல்லை. சாயல் வேறு, அதே ஆள் என்பது வேறு. இப்படி நேரத்தில் நான் காதைப் பார்ப்பேன். தாடி வைத்தால் முகம் மாறும், எடை கூடினால் கன்னம் மாறும், காது மடலும் காதுச் சோணை கன்னத்தோடு சேர்கிற விதமும் லேசில் மாறாது. அந்த மொடலுக்குச் சோணை தொங்கியது, இவருக்குக் கன்னத்தோடு ஒட்டியிருந்தது. ஆள் வேறு.

ஆக, மூன்று இடத்திலும் ஒன்றுமில்லை. இதற்கு என்ன அர்த்தம்? பூட்டி வைத்திருக்கிற பேஸ்புக், இன்ஸ்டாகிராம் கணக்குகளுக்குள் இந்தத் தேடுபொறிகளால் போக முடியாது, திறந்திருக்கிற கணக்குகளிலும் கொஞ்சத்தைத்தான் அவை கண்டிருக்கும். எங்கள் ஆட்களை ஏமாற்ற எங்கள் ஆட்களின் முகம்தான் வேண்டும், அப்படியான முகங்கள் கிடைப்பது கல்யாண அல்பங்களிலும் நண்பர்களின் பேஸ்புக் பக்கங்களிலும்தான். வெள்ளைக்கார மொடலின் படத்தைத் திருடினால் தேடல் உடனே பிடிக்கும். காரைநகர்ப் பெடியன் என்று நம்பவைக்க எடுத்த படத்தைப் பிடிப்பது கடினம். கணினியால் உருவாக்கிய முகமாக இருந்தால் எங்கேயும் இருக்காது, தேடினால் பூச்சியம்தான் வரும். பூச்சியம் வந்தால் "இன்னும் தெரியாது" என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

காசு கட்டி முகம் தேடுகிற பிம்ஐஸ் போன்ற சேவைகளும் உண்டு. இலவசமாகப் பார்த்தால் கிடைத்த படங்களைக் காட்டும், அவை எந்தப் பக்கத்தில் இருக்கின்றன என்று அறிய டொலரில் சந்தா கட்ட வேண்டும். தங்கச்சி தன் கார்டைக் கொடுக்கத் தயாராகத்தான் இருந்தாள், நான்தான் வேண்டாம் என்றேன். சமூக வலைத்தளங்களுக்குள் தேடுவதில்லை என்று பிம்ஐஸே சொல்கிறது, எங்கள் படங்கள் இருப்பதோ அங்கேதான். இன்னொன்று, அந்த முகம் பெரும்பாலும் எங்களை ஏமாற்றுகிறவனுடையது அல்ல, படம் பறிகொடுத்த இன்னொரு அப்பாவியுடையது. அவருடைய முகத்தைக் கொண்டுபோய் அப்படியான இடத்தில் போட எனக்கு மனம் வரவில்லை.

சரி, அடுத்தது துருவிப் பார்க்கிற வழி. இதற்குச் செலவாவது நேரம் மட்டும்தான். படத்தைப் பெரிதாக்கி, ஆளை மறந்துவிட்டு, ஆளைச் சுற்றி இருக்கிறதை மட்டும் பார்க்க வேண்டும். நாங்கள் அன்றைக்கு ஒரு மணித்தியாலம் அதைத்தான் செய்தோம்.

கார்ப் படத்தில் கண்ணாடிக்குள்ளால் ஸ்டியரிங் தெரிந்தது. அது வலப்பக்கத்தில் இருந்தது. யாழ்ப்பாணத்தில் வலப்பக்க ஸ்டியரிங்கைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது உறைக்கவே உறைக்காது, தங்கச்சி ஆறு கிழமையாக அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறாள். கனடாவில் வாகனம் வீதியின் வலப்பக்கத்தால் போகும், ஸ்டியரிங் இடப்பக்கத்தில் இருக்கும். படம் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பப்பட்டிருக்கலாம் என்றால், நம்பர் பிளேட்டில் பாதி எழுத்துகள் தெரிந்தன, அவை நேராகவே இருந்தன. அந்தப் பிளேட் கறுப்பு, எழுத்து வெள்ளை. எங்கள் நாட்டுக் கார் என்றால் முன்னுக்கு வெள்ளையும் பின்னுக்கு மஞ்சளுமாக இருக்கும், இங்கிலாந்திலும் அப்படித்தான். ஒன்ராறியோவில் ஓடுகிற சாதாரணக் காருக்கு வெள்ளைப் பிளேட்டில் நீல எழுத்து. வலப்பக்க ஸ்டியரிங்கும் கறுப்புப் பிளேட்டும் சேர்ந்தால் எனக்கு உடனே மனதில் வந்தது மலேசியா, அல்லது சிங்கப்பூர்.

இதை வைத்து மட்டும் ஆளைப் பொய்யர் என்று சொல்லிவிடக்கூடாது. மலேசியாவுக்குச் சுற்றுலா போனபோது எடுத்திருக்கலாம். பத்துமலைக்குப் போய் வருகிற கனடாத் தமிழர் இருக்கிறார்கள்தானே. அதனால்தான் குசினிப் படம் முக்கியமாகிறது, ஏனென்றால் அது எங்கே எடுத்தது என்று அவரே வாயால் சொல்லியிருக்கிறார். அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு பிளக் பொயின்ட். மூன்று நீள்சதுர ஓட்டை, பக்கத்தில் ஒரு சுவிட்ச். இங்கேயும் புது வீடுகளில் பூட்டுகிற அந்த இங்கிலாந்துச் சதுரப் பிளக்தான், மலேசியாவிலும் அதுதான். கனடாவில் ஓட்டை சின்னது, இரண்டு மெல்லிய தட்டைப் பிளவுகளும் கீழே ஒரு வட்டமும், சுவரில் உள்ளதில் வழக்கமாகச் சுவிட்சும் இருக்காது. ஒரு படம் பொய் சொல்கிறது என்று சொல்வது கஷ்டம். படமும் அதற்கு அவர் எழுதிய வசனமும் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் அதைச் சொல்லலாம். நான் தேடுவது எப்போதும் அப்படியான இடத்தைத்தான்.

அப்புறம் கோட்டுப் படம். இதில்தான் எல்லாம் திரும்பியது. ஆண்கள் கோட்டின் மேல் பொக்கட், கைலேஞ்சி செருகுகிற அந்தச் சின்னப் பொக்கட், போட்டிருக்கிறவரின் இடப்பக்க நெஞ்சில் இருக்கும். சேர்ட்டிலும் ஒற்றைப் பொக்கட் இடப்பக்கம்தான். இந்தப் படத்தில் அது வலப்பக்கத்தில் இருந்தது. அப்படியானால் படம் திருப்பப்பட்டிருக்கிறது. செல்பியாக இருந்தால் நான் பொருட்படுத்தமாட்டேன், பல போன்களின் முன் கமரா தானாகவே திருப்பித்தான் சேமிக்கும். இது வேறு ஒருவர் தள்ளி நின்று, பின்புறம் மங்கலாக, நல்ல கமராவில் எடுத்த படம். வேண்டுமென்றே யாரோ திருப்பியிருக்கிறார்கள். தேடலுக்குத் தப்பத்தான் அப்படிச் செய்வது. கார்ப் படத்தை ஏன் திருப்பவில்லை என்றால், எழுத்து இருக்கிற படத்தைத் திருப்பினால் எழுத்தே காட்டிக் கொடுத்துவிடும்.

போனிலேயே படத்தைத் திருத்துகிற இடத்தில் `Flip` இருக்கிறது. திருப்பினேன், மறுபடியும் லென்ஸில் போட்டேன், இந்த முறை முகத்தை வெட்டாமல் மண்டபத்து அலங்காரமும் சேர்த்து. `Exact matches` பகுதியில் ஒரே ஒரு முடிவு வந்தது. மலேசியாவில் கல்யாணப் படம் எடுக்கிற ஒருவரின் இணையப் பக்கம். அதே நீலக் கோட், அதே ஆள், பக்கத்தில் மாலையும் கழுத்துமாக மணமகள். எங்களுக்கு வந்த படத்தில் மணமகள் நின்ற பக்கம் வெட்டப்பட்டிருந்தது, தோளில் அவளுடைய விரல் நுனி மட்டும் மிச்சம். அதைக்கூட நாங்கள் அதுவரை காணவில்லை.

எனக்கு இதில் பிடிபட்ட ஒழுங்கு இதுதான். படத்தில் சுற்றுப்புறம் இருந்தால், வீடு, வாகனம், வீதி, கடை என்று எதாவது இருந்தால், துருவிப் பார்ப்பதைத் தேடலுக்கு முன்னாலேயே செய்வேன். அது முரண்பாட்டைக் காட்டுவது மட்டுமல்ல, எந்த நாட்டில் தேடுவது, படத்தைத் திருப்புவதா, எந்தப் பகுதியை வெட்டுவது என்று தேடலுக்கும் வழி சொல்கிறது. ஸ்டூடியோவில் எடுத்ததுபோல் முகம் மட்டும் இருக்கிற படமானால் துருவ ஒன்றும் இல்லை, நேரே தேடலுக்குப் போகலாம், நேராகவும் திருப்பியும் இரண்டு தரம். அதிலும் வராவிட்டால் இன்னும் இரண்டு படம் கேட்டு வாங்குவதுதான் நல்லது. முகம் மட்டும் உள்ள ஒரே படத்தை வைத்து எந்த முடிவுக்கும் வரமாட்டேன்.

பேச்சில் உள்ள முரண்பாடுகளும் உண்டு, ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே எடை கொடுக்க முடியாது. நேரம் நல்ல சாட்சி. ரொறொன்ரோவுக்கும் எங்களுக்கும் கோடையில் ஒன்பதரை மணித்தியாலம் வித்தியாசம், நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அங்கே மணிக்கூட்டைப் பின்னுக்குத் தள்ளுவார்கள், அதற்குப் பிறகு பத்தரை. இது நடந்தது நவம்பர் இரண்டாம் கிழமை. அதற்கு முந்தின நாள் இரவு எட்டு மணிக்கு வந்த குரல் பதிவில் அவர் சொல்கிறார், "இங்க இப்ப காலமை பத்தரை, வேலையில நிக்கிறன்." உண்மையில் அங்கே அப்போது ஒன்பதரை. அங்கே இருக்கிறவருக்கு மணி மாறிய கிழமையில் இந்தத் தவறு வராது, போனே தானாக மாற்றிக் காட்டும். மனக்கணக்குப் போட்டுச் சொல்கிறவருக்குத்தான் வரும்.

பேச்சுமொழி நல்ல சாட்சி அல்ல. "கதைக்கிறது" என்று எழுதாமல் "பேசுறது" என்று எழுதுகிறான், ஆகவே இந்தியாக்காரன் என்று முடிவு கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகள் சின்னத்திரை பார்த்துப் பழகிய தமிழில் எழுதுவார்கள், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. பெயரும் அப்படித்தான், எங்கள் ஆட்களில் இது இன்னும் சிக்கல். பதிவுப் பெயர் ஒன்று, வீட்டுப் பெயர் ஒன்று, கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முன்னுக்கு. பேஸ்புக்கில் வேறு பெயர் இருக்கிறது என்பதற்காக ஒரு நல்ல பெடியனைக் கள்ளன் என்று சொல்லிவிட வேண்டாம். சுவிஸில் இருக்கிற ஒருவரைப் பற்றி முன்பு ஒரு சிநேகிதி கேட்டபோது, அவருடைய படம் வேறு பெயரில் இரண்டு இடத்தில் வந்தது. விசாரித்தால், உண்மையான ஆள் சிநேகிதியோடு கதைத்த அவர்தான், மற்றப் பக்கங்கள்தான் அவருடைய படத்தைத் திருடியவை. தேடலில் ஒன்று அகப்பட்டதும் எது அசல் எது களவு என்ற கேள்வி மிச்சமாக இருக்கிறது. அதைத் தீர்த்து வைத்தது நேரடி வீடியோ அழைப்பு.

ஊரில் விசாரிப்பது எங்களுக்குப் பழகின வழி. காரைநகர் என்றால் எந்தக் குறிச்சி, எந்தக் கோயிலடி, ஆருடைய பேரன் என்று இரண்டு பேரைக் கேட்டால் தெரிந்துவிடும். கல்யாணம் பேசுகிற கட்டத்தில் அதற்கு ஈடான வழி வேறில்லை. ஆனால் இந்தக் கட்டத்தில் நான் அதை எடுக்கமாட்டேன். கேட்ட அன்றைக்கே கதை கொக்குவில் வரை வந்துவிடும், பழி பெடிச்சியின் தலையில்தான் விழும். இன்னொரு ஓட்டையும் உண்டு. உண்மையில் இருக்கிற காரைநகர்க் குடும்பத்தின் பெயரைச் சொல்லி ஏமாற்றுகிறவனை ஊர் விசாரணை பிடிக்காது, "ஓம், அப்படி ஒரு பெடியன் கனடாவில இருக்கிறான்" என்றுதான் விடை வரும். படத்தில் இருப்பவர்தான் அந்தப் பெடியனா என்பதை ஊரில் ஆரும் சொல்ல மாட்டார்கள்.

வீடியோ அழைப்பு கடைசியாக வருகிற வழி, ஆனால் தீர்ப்பு அதில்தான். வெறுமனே முகம் பார்த்துக் கதைத்தால் போதாது, முன்பே பதிந்த வீடியோவை ஓடவிடுகிறவர்களும் முகத்தை மாற்றிக் காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். எதிர்பாராத ஒன்றைக் கேட்க வேண்டும். முழுதாகப் பக்கவாட்டில் திரும்பச் சொல்லலாம், முகத்துக்குக் குறுக்கே மெதுவாகக் கையைக் கொண்டுபோகச் சொல்லலாம். மாற்றிய முகம் அந்த நேரத்தில் விளிம்பில் கலங்கலாம். கலங்காவிட்டால் அதை மட்டும் வைத்து நம்பிவிடவும் வேண்டாம், சுற்றி இருக்கிறதையும் காட்டச் சொல்ல வேண்டும்.

தங்கச்சிக்குக் கல்யாணப் படத்தைக் காட்டிய பிறகும் அவளுக்கு மனம் ஆறவில்லை. "அது அவற்ற பழைய கல்யாணமா இருந்தா? அதைச் சொல்ல வெக்கப்பட்டிருந்தா?" என்று கேட்டாள். கேள்வி நியாயமானது. அதனால் சண்டை பிடிக்காமல், கண்டுபிடித்தது எதையும் சொல்லாமல், ஒன்றை மட்டும் கேட்கச் சொன்னேன். "இப்ப வீடியோவில வாங்கோ, அண்டைக்குத் தேத்தண்ணி போட்ட குசினியை ஒருக்காக் காட்டுங்கோ." கண்டுபிடித்ததைச் சொன்னால் அவன் அடுத்த முறை பிளக் பொயின்டையும் வெட்டிவிட்டுப் படம் அனுப்புவான், அடுத்த பெடிச்சிக்கு அது கஷ்டம்.

கமரா உடைந்துவிட்டது என்றார். மூன்று நாள் கழித்து, அவளுக்கு ஒரு பார்சல் அனுப்பியதாகவும் அது கொழும்பில் சுங்கத்தில் நிற்பதாகவும் எடுப்பதற்கு 85,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றும் செய்தி வந்தது. கட்ட வேண்டிய வங்கிக் கணக்கு ஒரு தனி ஆளின் பெயரில் இருந்தது. எல்லா உரையாடலையும் கணக்கு இலக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தோம், ஆப்பில் முறைப்பாடு கொடுத்தோம், அதன் பிறகுதான் அவனைத் தடுத்தோம். முதலில் தடுத்திருந்தால் சில ஆப்களில் உரையாடலே மறைந்துபோகும்.

மலேசியப் படக்காரருக்கும் ஒரு செய்தி அனுப்பினேன், உங்கள் பக்கத்தில் உள்ள மணமகனின் படம் இப்படிப் பாவிக்கப்படுகிறது என்று. அடுத்த நாள் பதில் வந்தது. மணமகனுக்குச் சொல்லிவிட்டாராம். அவர் கிள்ளானில் கடை வைத்திருக்கிறாராம், இரண்டு பிள்ளைகளாம், கனடாவுக்கு ஒருநாளும் போனதில்லையாம்.